12ஆம் அத்தியாயத்தில் நின்றுபோன என் டீக்கடை நாவல்

கிராமத்து டீக்கடை, ராத்திரியில் கடனுக்கு டீ குடிக்க வரும் ஒரு முனி, இதுதான் கதை. 12ஆம் அத்தியாயத்தில் எனக்கே தூக்கம் வந்தது. கடையை இடிக்க வரும் மந்திரவாதியைச் சேர்த்தேன், இதம் போய்விட்டது. புயலைக் கொண்டுவந்தேன், இரண்டே அத்தியாயத்தில் அடங்கிவிட்டது. பத்து நாள் வீண். அப்புறம் அத்தியாயங்களின் கடைசி வரிகளை மட்டும் தனியே எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: பன்னிரண்டிலும் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துக் கடையைச் சாத்தியிருக்கிறேன். அன்றைய பிரச்சினை அன்றே தீர்ந்தால் அடுத்த பக்கத்தை ஏன் புரட்ட வேண்டும்?

பற்று நோட்டைக் கதைக்குள் கொண்டுவந்தேன். முனியின் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது, தை பிறந்தால் முனியால் ஊர் எல்லைக்குள் வர முடியாது, அதற்குள் தீர்த்தாக வேண்டும். ஒரு சின்னக் கணக்கு தீரும் அத்தியாயத்திலேயே இன்னொன்றை நோட்டில் ஏற்றிவிடுகிறேன். இப்போது 19இல் இருக்கிறேன். கடைக்காரப் பாட்டி முனியின் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதிவிட்டாள்.