வாடிக்கையாளரின் படத்திலேயே ஃபேடு வரைந்து காட்டுவது எப்படி?

சலூனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். வாடிக்கையாளர்கள் கிரிக்கெட் வீரர் ஒருவரின் படத்தை நீட்டி, "இதே மாதிரி வெட்டுங்கண்ணா" என்பார்கள். அந்தத் தலையின் முடி வேறு, நெற்றி வேறு. வந்தவரையே படம் எடுத்து, அதன்மேல் ஃபேடை, அதாவது பக்கமுடி கீழே ஒட்டவும் மேலே போகப்போக நீளமாகவும் வரும் வெட்டை, வரைந்து காட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும். மஞ்சக்குப்பத்தில் என் கடையில் நான் இப்படித்தான் செய்கிறேன்.

முடி மாற்றிக் காட்டும் ஆப்புகள் நிறைய உண்டு. அவற்றை நான் தொடுவதில்லை. அவை இல்லாத முடியை ஒட்டிக் காட்டும். வரைவதில் நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: படத்தில் முடியைக் குறைக்கலாம், கூட்டக் கூடாது. கத்தரியால் முடிவதை மட்டும்தான் படமும் காட்ட வேண்டும்.

படம் எடுப்பது

சிரமமெல்லாம் இங்கேதான். அவர் போனில் ஏற்கெனவே இருக்கும் செல்ஃபியில் வரையாதீர்கள். கை நீட்டும் தூரத்தில் எடுத்த படத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் மூக்கு பெரிதாகும், பின்னால் இருக்கும் காதும் பக்கமுடியும் சிறுத்துவிடும். தலை ஒடுங்கித் தெரிவதால், "சைடுல நிறைய விடுங்க" என்று கேட்பார். வெட்டிய பிறகு கண்ணாடியில் பார்த்தால் பக்கம் புடைத்து நிற்கும். இது லென்ஸின் குறை அல்ல, தூரம்தான் காரணம். அதனால் ஐந்தாறு அடி தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து, அவர் கண் உயரத்தில் போனைப் பிடித்து எடுங்கள். நேர்ப்படத்தில் இரண்டு காதும் நன்றாகத் தெரிந்தால் தூரம் சரி. காது தலையோடு ஒட்டியிருப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சோதனை உதவாது.

ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார வைத்தால் உச்சியில் மண்டை பளிச்சென்று தெரியும், முடி அடர்த்தியாக இருப்பவருக்கும் வழுக்கை போலக் காட்டும். வாசல் வெளிச்சம் முகத்தில் விழும்படி திருப்பி உட்கார வையுங்கள். துணி போர்த்துவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், பிடரி மறையக் கூடாது. முன்பக்கம், இரண்டு பக்கம், பின்பக்கம் என நான்கு படம் போதும். எடுக்கும் முன் அனுமதி கேட்பது கட்டாயம்.

புரட்டுவது

மனிதர் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துத்தான் பழகியிருக்கிறார். நாம் எடுத்த படத்தில் வகிடு மறுபக்கம் தெரியும். "என்னண்ணா, முகம் கோணலா இருக்கு" என்பார். கேலரியிலேயே எடிட் போய் நேர்ப்படத்தை இடவலமாகப் புரட்டிவிடுங்கள். நமக்கும் இது வசதி. நாற்காலிக்குப் பின்னால் நிற்கும்போது அவருடைய இடது நம்முடைய இடது. புரட்டிய படத்திலும் அது இடப்பக்கமே வரும். வெட்டும்போது குழப்பம் வராது.

வரைவது

எனக்குப் பிடித்தது ஐபிஸ் பெயிண்ட் எக்ஸ் என்ற வரையும் ஆப். இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், ஆனாலும் லேயர் வசதிக்காக அதையே வைத்திருக்கிறேன். படத்தைத் திறந்து அதன்மேல் கண்ணாடித்தாள் விரித்த மாதிரி மூன்று லேயர் சேருங்கள்: லோ ஃபேடு, மிட் ஃபேடு, ஹை ஃபேடு என்று ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்று.

படத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் அந்த இடத்தின் நிறம் பிரஷ்ஷுக்கு வரும். கன்னத்தில் எடுக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் கன்னம் கருத்திருக்கும், முடிக்கு அடியில் இருக்கும் தோல் அதைவிட வெளுப்பு. காதுக்குப் பின்னால் இருக்கும் நிறம்தான் ஓரளவு ஒத்துவரும்.

ஏர்பிரஷ்ஷை மெலிதாக வைத்து, அந்தத் தோல் நிறத்தைக் கிருதாவுக்கும் காதுக்கும் மேலிருந்து தடவுங்கள். மெஷினில் மாட்டும் சீப்பில் நம்பர் 1 என்றால் 3 மி.மீ., நம்பர் 2 என்றால் 6 மி.மீ., நம்பர் 4 சுமார் 13 மி.மீ. என்று நமக்குத் தெரியும், வாடிக்கையாளருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டியது எவ்வளவு தோல் தெரியும் என்பதுதான். நம்பர் 1 வரும் இடத்தில் மூன்று நான்கு தடவை தடவுங்கள், நம்பர் 2-க்கு ஒன்றிரண்டு தடவை, அதற்கு மேலே விட்டுவிடுங்கள். லோ ஃபேடு காதைச் சுற்றியே முடியும், மிட் ஃபேடு நெற்றிப்பொட்டு வரை, ஹை ஃபேடு அதற்கும் மேலே. லேயருக்குப் பக்கத்தில் இருக்கும் கண் அடையாளத்தைத் தொட்டு ஒவ்வொன்றாகக் காட்டுங்கள்.

படம் சொல்லாதது

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். இரண்டு வாரத்தில் நிச்சயதார்த்தம். கையில் ஒரு படம்: ஹை ஃபேடு, மேலே கட்டையான முடி. அவர் படத்திலேயே மூன்றையும் போட்டுக் காட்டினேன். ஹை ஃபேடைப் பார்த்ததும் போனைத் தன் பக்கம் இழுத்தார்.

"அண்ணா, மூஞ்சி ரொம்ப நீளமாத் தெரியுதே?"

"பக்கத்தை அவ்வளவு உயரத்துக்கு எடுத்தா அப்படித்தான் தெரியும் தம்பி. மிட் பாருங்க."

மிட் ஃபேடைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி என்றார். அப்புறம் உச்சியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், இரட்டைச் சுழி. இதை எந்த நேர்ப்படமும் காட்டாது. சுழி இருக்கும் இடத்தில் அரைகுறை நீளத்தில் வெட்டினால் முடி குத்திட்டு நிற்கும். ஒன்று ஒட்ட வெட்ட வேண்டும், இல்லை படியும் அளவுக்கு நீளம் விட வேண்டும். அவர் கேட்ட கட்டை முடி இரண்டுக்கும் நடுவில் இருந்தது. பின்பக்கப் படத்தில் சுழியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இங்க மட்டும் நீளமா விடுறேன்" என்று காட்டியதும் உடனே புரிந்துகொண்டார்.

இன்னொன்றும் சொன்னேன். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ வளரும். இன்றைக்கு 3 மி.மீ. வைத்து எடுத்தால், இரண்டு வாரத்தில் 8 மி.மீ. பக்கம் வந்து ஃபேடு கலங்கிவிடும். அதனால் அன்று மேலே மட்டும் ஒழுங்குபடுத்தி அனுப்பினேன். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்து பக்கத்தை எடுத்துக்கொண்டார்.

வரைவதற்கு முன்பே தலையைத் தொட்டுப் பாருங்கள்: சுழி, தழும்பு, முடி எந்தத் திசையில் படிகிறது என்பது. தழும்பு இருந்தால் அதன்மேல் நம்பர் 1 வரையாதீர்கள், வெட்டினால் கோடாகத் தெரியும்.

பின்சேர்க்கை: புதுச்சேரி நெல்லித்தோப்பிலிருந்து ஒரு வாசகர், நரைத்தவர்களுக்கு இது சரியாக வருவதில்லை என்று எழுதியிருந்தார். உண்மைதான். நரைமுடிக்கும் தோலுக்கும் நிற வேறுபாடு குறைவு என்பதால் லேசாகத் தடவினாலே மொட்டையடித்த மாதிரி ஆகிவிடும். அவர்களுக்கு நிறம் பூசாமல், ஃபேடு எங்கே தொடங்கும் என்று ஒரு கோடு மட்டும் போட்டுக் காட்டுங்கள். தாடி வைத்திருப்பவர்களுக்குக் கிருதாவும் தாடியும் சேரும் இடத்தில் இன்னொரு கோடு போட்டு, எங்கே மெலிய வேண்டும் என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் படங்களை அவருக்கு அனுப்பிவிட்டு, அவர் கண்ணெதிரில் நம் போனிலிருந்து அழியுங்கள். கேலரியின் குப்பைத்தொட்டியில் அவை இன்னும் பல நாள் கிடக்கும், அங்கேயும் போய் அழியுங்கள். ஆப்பில் வரைந்த கோப்பு தனியாக இருக்கும், அதையும் சேர்த்து.