ஐந்து ஃபண்ட் வாங்கினால் ஆபத்து ஐந்தாகப் பிரிந்துவிடாது

என் அக்கா மகன் ஓசூரில் படித்து முடித்து, மூன்று வருடமாக பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். மடிவாளாவில் பிஜியில் தங்கியிருக்கிறான். சம்பளத்தில் பிடித்துப் பிடித்துச் சேர்த்ததில் கையில் 5 லட்ச ரூபாய் இருந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், மொபைலை என்னிடம் நீட்டி, "மாமா, நான் பணத்தைப் பிரிச்சுத்தான் போட்டிருக்கேன், பாருங்க" என்றான்.

பார்த்தேன். ஐந்து மியூச்சுவல் ஃபண்ட் இருந்தன. ஒன்று நிஃப்டி இன்டெக்ஸ், ஒன்று லார்ஜ் கேப், ஒன்று ஃப்ளெக்ஸி கேப், ஒன்று வரிச் சலுகைக்கான ஃபண்ட், கடைசியாக ஐடி துறைக்கான ஒரு ஃபண்ட். ஐந்தும் பங்குச்சந்தை ஃபண்ட்தான். ஒவ்வொன்றும் எந்தப் பங்குகளை வைத்திருக்கிறது என்று திறந்து பார்த்தால், முதல் நான்கிலும் எச்டிஎஃப்சி வங்கி, ஐசிஐசிஐ வங்கி, ரிலையன்ஸ் என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஐந்தாவது அவன் சம்பளம் வாங்கும் அதே துறை. ஐடி துறை படுத்தால் அவன் வேலைக்கும் ஆபத்து, சேமிப்புக்கும் ஆபத்து, இரண்டும் ஒரே நாளில்.

முதல் முறை முதலீடு செய்பவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். ஃபண்டுகளின் எண்ணிக்கையைப் பரவல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று விழும்போது மற்றொன்று விழாமல் நிற்குமா என்பதுதான் பார்க்க வேண்டியது. பங்கு வாங்கினால் நாம் நிறுவனத்தில் கூட்டாளி. லாபம் பெருகினால் நமக்கும் பெருகும், சரிந்தால் யாரும் ஈடுகட்ட மாட்டார்கள். கடன் பத்திரம் வாங்கினால் நாம் கடன் கொடுத்தவர். லாபம் எவ்வளவு வந்தாலும் நமக்குப் பேசிய வட்டிதான், ஆனால் பங்குதாரருக்கு முன்னால் நமக்குத் தந்தாக வேண்டும். இந்த வேறுபாட்டால்தான் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக விழுவதில்லை.

2020-ஐ எடுத்துக்கொள்வோம். ஜனவரி நடுவில் சென்செக்ஸ் 41,900-ஐத் தாண்டி நின்றது. மார்ச் 23 அன்று 25,981-இல் முடிந்தது. பத்து வாரத்தில் 38 சதவீத வீழ்ச்சி. அவனுடைய 5 லட்சமும் அன்றைக்குப் பங்கில் இருந்திருந்தால் 3.10 லட்சமாகியிருக்கும். பழைய இடத்துக்கு வர 61 சதவீதம் ஏற வேண்டும். அதே 5 லட்சத்தில் 3 லட்சம் பங்கிலும் 2 லட்சம் குறுகிய கால அரசுப் பத்திரத்திலும் இருந்திருந்தால்? பங்கு 1.86 லட்சமாகும், பத்திரம் ஏறக்குறைய அப்படியே 2 லட்சமாக நிற்கும். மொத்தம் 3.86 லட்சம். மொத்தத் தொகை 30 சதவீதம் கூடினால் பழைய 5 லட்சம் வந்துவிடும். அதைவிட முக்கியமானது, 1.90 லட்சம் போனதைப் பார்த்து பயந்து விற்பவன், 1.14 லட்சம் குறைந்ததைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவான். அந்த நவம்பரிலேயே சென்செக்ஸ் 42,000-ஐத் தாண்டியது. மார்ச்சில் விற்றவர்களுக்கு அந்த ஏற்றம் கிடைக்கவில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. சந்தை தொடர்ந்து ஏறும் வருடங்களில் இந்தக் கலவை முழுப் பங்கைவிடப் பின்தங்கும். நண்பர்கள் லாபக் கணக்கு சொல்லும்போது நம்முடையது சப்பென்று இருக்கும். அதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

சரி, பத்திரம் வேண்டும் என்று ஒத்துக்கொண்டான். உடனே அடுத்த தவறுக்குப் போனான். ஒரு செயலியில் 12 சதவீத வட்டி தரும் ஏதோ நிறுவனத்தின் பத்திரத்தைக் காட்டினான். கடனை ஒழுங்காகத் திருப்பித் தருவார்களா என்பதற்கான மதிப்பீடு, அதாவது ரேட்டிங், பிபிபி. அரசு 7 சதவீதத்தை ஒட்டிக் கொடுக்கும்போது ஒருவர் 12 கொடுக்கிறார் என்றால், குறைந்த வட்டியில் அவருக்குக் கடன் தர ஆள் இல்லை என்று அர்த்தம். ஒரு லட்சத்துக்கு வருடம் 5,000 ரூபாய் கூடுதலாக வரும். அதற்காக அந்த ஒரு லட்சத்தையே பணயம் வைக்கிறோம். அதுவும் இப்படிப்பட்ட நிறுவனங்கள் தள்ளாடுவது பொருளாதாரம் மோசமாகும் சமயத்தில், அதாவது பங்குகளும் விழும் சமயத்தில். எந்த நாளுக்காகப் பத்திரம் வாங்கினோமோ, அன்றைக்கே அது கைவிட்டுவிடும். நல்ல ரேட்டிங்கை மட்டும் நம்புவதும் போதாது. 2018-இல் ஐஎல்&எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் கடனைக் கட்டத் தவறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புவரை அதற்கு மிக உயர்ந்த ரேட்டிங் இருந்தது.

அரசுப் பத்திரத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 7 சதவீத வட்டி தரும் 10 வருடப் பத்திரத்தை 100 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். பிறகு புதிய பத்திரங்கள் 8 சதவீதம் தர ஆரம்பித்தால் உங்கள் பழைய பத்திரத்தை யாரும் 100-க்கு வாங்க மாட்டார்கள். விலை 93-ஐ ஒட்டி இறங்கும். அதுவே ஒரு வருடத்தில் முதிரும் பத்திரமாக இருந்தால் 99 ரூபாய் கிடைக்கும். முதிர்வு தூரம் போகப் போக ஆட்டம் கூடும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் ரெப்போ வட்டியை 4-இலிருந்து 6.5 சதவீதத்துக்கு உயர்த்தியது. இப்படி வட்டி ஏறும் காலத்தில்தான் நீண்ட காலப் பத்திர ஃபண்டில் இருப்பவர்கள் "கடன் ஃபண்டிலும் நஷ்டம் வருமா" என்று திகைப்பார்கள். முதிர்வு வரை வைத்திருந்தால் அரசு 100-ஐ முழுசாகத் தந்துவிடும், நடுவில் விற்றால்தான் பிரச்சினை. அதனால் அவனுக்கு நான் சொன்னது, ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் தளத்தில் 364 நாளில் முதிரும் அரசுப் பத்திரமான கருவூல பில், அல்லது வங்கி டெபாசிட். பில் 10,000 ரூபாயிலிருந்து வாங்கலாம். டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது.

அவன் பிஎஃப் பணத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதுவும் வட்டி தரும் பணம், கடன் பக்கத்தில்தான் வரும். ஆனால் சந்தை விழும் நாளில் அதை நினைத்த மாத்திரத்தில் எடுத்துப் பங்கு வாங்க முடியாது. அதனால் பிஎஃப் பெரிதாக வளர்ந்தவர்கள் வெளியில் பத்திரத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், அடியோடு விட்டுவிடக் கூடாது.

கடைசித் தவறு, ஒருமுறை பங்கு 60, பத்திரம் 40 சதவீதம் என்று பிரித்துவிட்டு மறந்துபோவது. மேலே சொன்ன 3.86 லட்சத்துக்குத் திரும்பி வருவோம். அதில் பங்கு 1.86 லட்சம், அதாவது பாதிக்கும் குறைவு. 60 சதவீதத்துக்குக் கொண்டுவர, பத்திரத்திலிருந்து 45,600 ரூபாயை எடுத்துப் பங்கில் போட வேண்டும். அப்படிப் போட்டிருந்தால், சந்தை பழைய இடத்துக்கு வரும்போது கையில் சுமார் 5.28 லட்சம் இருக்கும். போடாமல் விட்டிருந்தால் 5 லட்சம். அடிமட்டம் எது என்று கண்டுபிடித்துச் செய்தது இல்லை இது, விகிதம் கலைந்ததால் செய்தது. சந்தை ஏறி பங்கு 70 சதவீதமானால் எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். மனசுக்குக் கஷ்டமானது அதுதான், ஏனென்றால் ஓடுகிற குதிரையிலிருந்து பணத்தை எடுக்க வேண்டும்.

விற்றால் லாபத்துக்கு வரி உண்டு. பங்கு ஃபண்டை ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். அதனால் அவன் இருப்பதை உடனே விற்கவில்லை. ஐடி ஃபண்டுக்கும் லார்ஜ் கேப் ஃபண்டுக்கும் போய்க்கொண்டிருந்த எஸ்ஐபி என்ற மாதத் தவணையை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை மாதாமாதம் டெபாசிட்டுக்குத் திருப்பியிருக்கிறான். 40 சதவீதம் வரும்வரை அப்படியே போகும். அதற்கப்புறம் வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் முதல் வாரத்தில், விகிதம் 5 சதவீதத்துக்கு மேல் விலகியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதாக மொபைலில் நினைவூட்டல் வைத்துக்கொண்டான்.