யீல்டு வளைவு தலைகீழானால் தங்கம் ஏறுமா? 2008-ஐ வைத்துக் கணக்குப் போடுவோம்

மாட்டுங்காவில் எங்கள் மாடியில் குடியிருக்கும் அக்கா, மகள் கல்யாணத்துக்கு நகை சேர்க்கிறார். "அமெரிக்காவில மந்தம் வரப்போகுதாமே, இப்பவே மொத்தமா வாங்கிடட்டுமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

படி 1: கோட்டைப் பாருங்கள். fred.stlouisfed.org தளத்தில் `T10Y2Y` என்று தேடுங்கள். அமெரிக்க அரசின் 10 வருடக் கடன்பத்திர வட்டியிலிருந்து 2 வருடப் பத்திர வட்டியைக் கழித்தால் வருவதுதான் அந்தக் கோடு. நீண்ட காலத்துக்குப் பணம் கொடுப்பவருக்கு வட்டி கூடுதலாகக் கிடைப்பதுதான் வழக்கம். மந்தம் வந்து வட்டி குறையும் என்று சந்தை நினைத்தால், இன்றைய வட்டியைப் பிடித்து வைக்க எல்லோரும் 10 வருடப் பத்திரத்தை வாங்குவார்கள். அதன் விலை ஏறுவதால் வட்டி இறங்கி, கோடு பூஜ்யத்துக்குக் கீழே போகும். அதுதான் யீல்டு வளைவு, அதாவது வட்டி வளைவு, தலைகீழாவது.

படி 2: இடைவெளியைக் குறியுங்கள். படத்தில் சாம்பல் பட்டைகள் மந்தக் காலங்கள். 2006-ல் கோடு கீழே போனது. 2007 நடுவில் மேலே வந்துவிட்டது. மந்தம் தொடங்கியதோ 2007 டிசம்பரில். கோடு மேலே வந்ததும் ஆபத்து போய்விட்டது என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் குறைக்க ஆரம்பிப்பதும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான். வட்டி குறைந்தால், வட்டியே தராத தங்கத்தை வைத்திருப்பதில் இழப்பும் குறைகிறது. 2006 இறுதியில் அவுன்ஸ் 600 டாலர் சொச்சமாக இருந்த தங்கம், 2008 மார்ச்சில் 1,000 டாலரைத் தொட்டது.

படி 3: ரூபாய்க்கு மாற்றுங்கள். இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். டாலர் விலை அவுன்ஸுக்கு; தங்கத்தில் ஒரு அவுன்ஸ் 31.1 கிராம்.

```
கிராம் விலை = டாலர் விலை × ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் ÷ 31.1
```

2008 மார்ச்: 1,000 × 40 ÷ 31.1 = சுமார் 1,286 ரூபாய்.
2008 அக்டோபர் கடைசி: 720 × 50 ÷ 31.1 = சுமார் 1,158 ரூபாய்.

வரியும் செய்கூலியும் இதில் இல்லை. நெருக்கடி உச்சத்தில் இருந்தபோதே தங்கம் டாலரில் 28 சதவீதம் விழுந்தது. மற்ற முதலீடுகளில் அடிபட்டவர்கள், கையில் ரொக்கம் வேண்டும் என்று தங்கத்தையும் விற்றதுதான் காரணம். அதே சமயம் ரூபாயும் சரிந்ததால் நமக்கு 10 சதவீதம்தான் இறக்கம். அதனால் டாலர் விலை விழுந்த செய்தியைப் படித்துவிட்டு ஜவேரி பஜாருக்கு ஓடினால், அந்தத் தள்ளுபடி அங்கே முழுதாகக் கிடைக்காது.

படி 4: 2022-ஐயும் சேர்த்துப் பாருங்கள். ஜூலையில் கோடு கீழே போய், இரண்டு வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது. அந்த இரண்டு வருடத்தில் மந்தம் வரவில்லை. தங்கம் முதலில் 1,630 டாலர் வரை இறங்கி, 2024 ஆகஸ்டில் 2,500-ஐத் தாண்டியது. அந்த ஏற்றத்தில், பல நாட்டு மத்திய வங்கிகள் வருடத்துக்கு 1,000 டன்னுக்கும் மேல் வாங்கிக் குவித்ததற்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, அக்காவுக்கு என்ன சொன்னேன்? கல்யாணத்துக்கு இன்னும் 14 மாதம் இருக்கிறது. கோட்டைப் பார்த்து நாள் குறிக்காமல், மாதாமாதம் கொஞ்சமாக வாங்கச் சொன்னேன்.