நீள் வகுத்தலில் மீதியும் மனதில் வைத்த எண்ணும் இடம் மாறும்போது

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் செய்து முடித்த வகுத்தல் பயிற்சித்தாளைத் திருத்தும்போது, தவறான விடைக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போவது எளிது. ஆனால் அந்தக் கணக்கை வரி வரியாகப் பின்தொடர்ந்து பார்த்தால், வாய்ப்பாடு சரியாகவே இருப்பதையும், கழித்தலும் பெரும்பாலும் சரியாகவே இருப்பதையும், ஏதோ ஒரு இலக்கம் மட்டும் தனக்குரிய இடத்தை விட்டு அரை விரல் தள்ளி உட்கார்ந்திருப்பதையும் பார்க்க முடிகிறது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் "வாய்ப்பாட்டைத் திரும்பப் படி" என்று சொல்வதால் பயனில்லை. எந்த இலக்கம், எந்த வரியில், ஏன் நகர்ந்தது என்று காட்ட வேண்டும்.

நகர்வதற்கான முதல் காரணம் தாளிலேயே இருக்கிறது. அச்சிட்ட பயிற்சித்தாளில் வகுபடும் எண்ணின் இலக்கங்கள் நெருக்கமாக இருக்கும். பிள்ளையின் கையெழுத்து அதைவிட அகலமானது. முதல் வரியில் எழுதும் பெருக்குத்தொகை ஏறக்குறைய நேராக நிற்கும். அடுத்த வரி சிறிது வலப்பக்கம் போகும். மூன்றாவது கழித்தலுக்கு வரும்போது ஒன்றுகளின் இலக்கம் வகுபடும் எண்ணின் எல்லையையே தாண்டியிருக்கும். இனி எந்த இலக்கத்தை இறக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியாது. இதற்கு நான் பரிந்துரைப்பது, கணக்கைத் தாளிலேயே செய்யாமல் கட்டம் போட்ட நோட்டில் கட்டத்துக்கு ஒரு இலக்கமாக எடுத்து எழுதச் செய்வதுதான். கட்ட நோட்டு இல்லையென்றால், கோடு போட்ட நோட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் போதும். படுக்கைக் கோடுகள் செங்குத்துக் கோடுகளாகி, இடமதிப்புக்கு ஒரு பத்தி கிடைத்துவிடும்.

இப்போது 7357 ஐ 24 ஆல் வகுக்கும் கணக்கை எடுத்துக்கொள்வோம். இதன் சரியான அமைப்பு இது:

```
      306
     ----
24 ) 7357
     72
     --
      15
       0
      --
      157
      144
      ---
       13
```

முதலில் 7 ஐப் பார்க்கிறோம். அது 24 ஐவிடச் சிறியது. எனவே 73 ஐ எடுக்கிறோம். 73 இல் 24 மூன்று முறை போகும். இந்த 3 எங்கே எழுதப்பட வேண்டும் என்பதில்தான் முதல் சறுக்கல் நேர்கிறது. எடுத்துக்கொண்ட எண்ணின் கடைசி இலக்கத்துக்கு, அதாவது 73 இல் உள்ள 3 க்கு நேர் மேலே அது நிற்க வேண்டும். ஏனென்றால் நாம் வகுத்தது 73 நூறுகளை, கிடைத்த ஈவும் 3 நூறுகள். பல பிள்ளைகள் அதை 7 க்கு மேலே எழுதிவிடுகிறார்கள். அங்கே எழுதினால் ஈவு ஆயிரங்களில் தொடங்குவதாகிவிடும்.

அடுத்து 73 இலிருந்து 72 போக 1 மீதி. இந்த 1 ஒரு நூறு, அதாவது 10 பத்துகள். அதனுடன் 5 பத்துகளை இறக்கினால் 15 பத்துகள் ஆகின்றன. 15 இல் 24 போகாது. பிள்ளைகள் மிக அதிகமாகத் தவறும் இடம் இதுதான்: "போகாது, அடுத்ததையும் இறக்கு" என்று சொல்லிக்கொண்டே 7 ஐயும் இறக்கி, 157 இல் 24 ஆறு முறை போவதைச் சரியாகக் கண்டுபிடித்து, அந்த 6 ஐ 3 க்குப் பக்கத்தில் எழுதி, 36 மீதி 13 என்று முடித்துவிடுகிறார்கள். போகாது என்பதும் ஒரு விடை, அந்த விடை 0, அதைப் பத்துகளின் பத்தியில் எழுதியாக வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை அல்லது மனதில் நிற்கவில்லை. ஓர் இலக்கம் இறங்கினால் மேலே ஓர் இலக்கம் ஏற வேண்டும் என்ற ஒரே விதி இதற்குப் போதுமானது. 15 க்குக் கீழே 0 எழுதிக் கழிக்கும் வரியை வீண் வேலை என்று சிலர் அடித்துவிடச் சொல்வார்கள். பழக்கம் வரும் வரை அந்த வரி இருப்பதே நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் மேலே 0 எழுத மறந்தவர் கீழே அந்த வரியை எழுத நேரும்போது நின்று யோசிப்பார்.

வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெரியவர்களில் சிலர், ஈவை வகுபடும் எண்ணுக்கு வலப்பக்கம், அடைப்புக்கு வெளியே எழுதும் பழைய முறையில் படித்தவர்கள். அந்த முறை தவறில்லை. ஆனால் அதில் ஈவின் இலக்கங்கள் எந்தப் பத்தியின் கீழும் நிற்பதில்லை. விட்டுப்போன 0 விட்ட இடத்தில் வெற்றிடத்தையும் விட்டுச்செல்வதில்லை. மேலே எழுதும் முறையில் 5 க்கு மேல் காலியாக இருக்கும் கட்டமே தவறைக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது சிக்கல், மனதில் வைத்த எண்ணைத் தாளில் எங்கே வைப்பது என்பது. 3201 ஐ 37 ஆல் வகுக்கும்போது, 320 இல் 37 எட்டு முறை போகும். எட்டேழு ஐம்பத்தாறு என்று 6 ஐ எழுதி, மனதில் வைத்த 5 ஐ 37 இன் 3 க்கு மேல் சிறிதாகக் குறித்துக்கொள்கிறார்கள். எம்மூன்று இருபத்துநான்கும் ஐந்தும் இருபத்தொன்பது, பெருக்குத்தொகை 296. 320 இலிருந்து கழித்தால் 24; 1 ஐ இறக்கினால் 241. இதுவரை எல்லாம் சரி. இப்போது ஆறு முறை. ஆறேழு நாற்பத்திரண்டு, 2 எழுதி 4 ஐ மனதில் வைக்க வேண்டும். ஆனால் 3 க்கு மேலே முன்பு எழுதிய 5 இன்னும் அழியாமல் நிற்கிறது. பிள்ளையின் கண் அந்த 5 ஐயே எடுத்துக்கொள்ள, பதினெட்டும் ஐந்தும் இருபத்துமூன்று, பெருக்குத்தொகை 222 க்குப் பதில் 232 ஆகிவிடுகிறது. 241 இலிருந்து 232 போக 9. விடை: 86 மீதி 9. மீதி 37 ஐவிடச் சிறியதாக இருப்பதால் பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. உண்மையான மீதி 19.

ஈரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கில் பெருக்கல் ஒவ்வொரு படியிலும் புதிதாக நடக்கிறது, வகுக்கும் எண்ணோ ஒரே இடத்தில் ஒரு முறைதான் எழுதப்பட்டிருக்கிறது. அதன் தலைக்கு மேல் குறிப்பு எழுதினால் மூன்று படிகளின் குறிப்புகள் ஒரே இடத்தில் குவியும். எனவே அந்த இடத்தில் எதையும் எழுதக் கூடாது. பெருக்கலைத் தாளின் வலது ஓரத்தில் தனியாகச் செய்துகொள்ளலாம். அதைவிட நல்ல வழி, தொடங்கும் முன்பே 37, 74, 111, 148, 185, 222, 259, 296, 333 என்று ஒன்பது மடங்குகளையும் ஓரத்தில் கூட்டிக் கூட்டி எழுதிவைப்பது. இரண்டு நிமிடம் கூடுதலாகும். ஆனால் அதன்பின் மனதில் எதையும் வைக்க வேண்டியதில்லை, எத்தனை முறை போகும் என்று ஊகிக்கவும் வேண்டியதில்லை.

கடன் வாங்கும்போது போடும் குறிகளும் இதே தொல்லையைத் தருகின்றன. 320 இலிருந்து 296 ஐக் கழிக்க, 2 ஐ அடித்து அதன் மேல் சிறிய 1 எழுதினால், அந்த 1 ஈவின் வரிசைக்குச் சற்றே கீழே மிதக்கும். அதை ஈவின் இலக்கமாகவே சேர்த்து 186 என்று விடை எழுதிய தாளை நான் திருத்தியிருக்கிறேன். வகுபடும் எண்ணுக்கும் ஈவுக்கும் நடுவே ஒரு வரி இடம் விட்டால் இந்தக் குழப்பம் நேராது.

இதே கணக்கில் ஊகம் ஒன்று குறைந்தால் வேறொரு விசித்திரம் நடக்கும். எட்டுக்குப் பதில் ஏழு முறை என்று வைத்தால் 320 இலிருந்து 259 போக 61 மீதி. 61 என்பது 37 ஐவிடப் பெரியது. அங்கேயே நின்று திருத்தியிருக்க வேண்டும். திருத்தாமல் 1 ஐ இறக்கினால் 611. அதில் 37 பதினாறு முறை போகும், மீதி 19. பிள்ளை 7 க்குப் பக்கத்தில் 16 ஐ எழுதி 716 மீதி 19 என்று முடிக்கிறது. உண்மையில் அந்த 7 ஏழு பத்துகள். எழுபதும் பதினாறும் எண்பத்தாறு. கணக்கு கெடவில்லை, ஒரு பத்திக்குள் இரண்டு இலக்கங்கள் திணிக்கப்பட்டதுதான் கெடுதல். ஒரு படியில் ஈவாக 9 க்கு மேல் வந்தால், முந்தைய படியின் மீதி பெரிதாக விடப்பட்டிருக்கிறது என்று பொருள்.

சரிபார்க்க, ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டுவது எல்லோரும் அறிந்த வழி. ஆனால் அதில் வரும் வித்தியாசத்தைப் படித்தால் தவறு இருக்கும் இடமே தெரியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 86 மீதி 9 என்ற விடையில் 86 ஐ 37 ஆல் பெருக்கினால் 3182, 9 ஐக் கூட்டினால் 3191, வித்தியாசம் 10. பெருக்குத்தொகையின் பத்துகள் இலக்கம் ஒன்று கூடியதன் அளவு அதுவே. முதல் கழித்தலில் 24 க்குப் பதில் 34 என்று எழுதித் தொடர்ந்திருந்தால் 89 மீதி 8 வரும். சரிபார்த்தால் 3301, வித்தியாசம் 100. ஆக, வித்தியாசம் 10, 100 போல வந்தால் பெருக்கலிலோ கழித்தலிலோ அந்த இடமதிப்பில் தேடலாம். 36 மீதி 13 என்ற விடையில் வித்தியாசம் 6480. அது 24 இன் 270 மடங்கு. இப்படி வகுக்கும் எண்ணால் மீதியின்றி வகுபடும் வித்தியாசம் வந்தால் முதலில் ஈவின் வரிசையைப் பார்க்க வேண்டும்: விட்டுப்போன 0, திணித்த இலக்கம், ஒரு பத்தி தள்ளி எழுதிய எண். வாய்ப்பாட்டில் ஒரு வரி மாறிப் படித்தாலும் இதே போன்ற வித்தியாசம் வரும் என்பதால் அடுத்ததாக அதையும் பார்க்கலாம்.

மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் கடைசியாக ஒன்று தென்படுகிறது. தசமம் படித்த பிறகு, 86 மீதி 19 என்பதை 86.19 என்று எழுதுகிறார்கள். 19 என்பது 37 பங்குகளில் 19. பாதியைச் சற்றே தாண்டியது. புள்ளி வைத்து, 19 க்குப் பக்கத்தில் 0 இறக்கி 190 ஆக்கினால் 37 ஐந்து முறை போகும், 5 மீதி. மறுபடி 0 இறக்கினால் 50, ஒரு முறை போகும். எனவே தசமத்தில் அது 86.51 என்று தொடங்கும். மீதியை மீதியாகவே எழுதும் கணக்கில் புள்ளிக்கு வேலையில்லை. புள்ளி வைத்துவிட்டால் வகுத்தலைத் தொடர்ந்தாக வேண்டும்.