மாவுப்பூச்சிப் பதிவை மறுபடி போட்டபோது

என் மாடித்தோட்ட இன்ஸ்டாகிராம் பக்கத்தில், செம்பருத்தியில் மாவுப்பூச்சிக்கு என்ன செய்வது என்று பலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வேப்பெண்ணெய் தெளிக்கும் முறையைச் சொல்லும் பதிவு ஏற்கெனவே அங்கே இருந்தது, ஆனால் பக்கத்துக்கு ஆள் குறைவாக இருந்த காலத்தில் போட்டது. பின்னால் வந்தவர்கள் அவ்வளவு கீழே தேடிப் போவதில்லை.

பழைய பதிவின் வரிகளைத் திருத்தினால் அது மேலே வராது, படத்தையும் மாற்ற முடியாது. அதனால் புதிதாகவே எழுதினேன். பழைய கருத்துகளைப் படித்தது நல்லதாயிற்று: எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது, இலை கருகிவிட்டது என்று சிலர் அப்போதே சொல்லியிருந்தார்கள். எனவே ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் என்ற அளவை அப்படியே விட்டு, எண்ணெயை முதலில் சில துளி சோப்புக் கரைசலில் குழைக்கும் படத்தையும், வெயில் தாழ்ந்த பிறகே தெளிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தேன்.

‘முன்பு போட்டதுதான், கலக்கும் முறை புதிது’ என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். பழையவர்கள் முகம் சுளிக்கவில்லை. பூச்சி பெருகும் கோடைத் தொடக்கத்தில் போட்டதும் உதவியது.

பழைய பதிவை நீக்கவில்லை, அதைச் சேமித்து வைத்தவர்கள் இருக்கிறார்களே. அதன் தலையில் ‘திருத்திய முறை புதிய பதிவில்’ என்று ஒரு வரி மட்டும் சேர்த்தேன். அப்புறம், நாற்று விலை, கண்காட்சித் தேதி போன்ற பதிவுகளை இப்படித் தூசி தட்டுவதில்லை. லைக்கைவிட, எத்தனை பேர் சேமித்தார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன்.