ஊஞ்சல் கம்பிக்கு எத்தனை மடங்கு பாதுகாப்பு வேண்டும்?

பெங்களூரு அல்சூரில் அத்தை வீடு. ஹாலில் ஊஞ்சல் மாட்ட வேண்டும் என்று பல நாள் ஆசை. எஸ்.பி. ரோட்டிலிருந்து நான்கு 10 மி.மீ. கண் போல்ட்டுகளை வாங்கி வந்து மாமா கேட்டார்: "இது தாங்குமாடா?" ஒரு பொருள் தாங்கக்கூடியது, அதன் மேல் வருவதைப் போல எத்தனை மடங்கு என்பதே பாதுகாப்புக் காரணி. அதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. சேர்ந்தே கணக்குப் போடுவோம்.

படி 1: முதலில் எல்லோரும் போடும் கணக்கு

பலகை 30 கிலோ, உட்காருபவர்கள் இரண்டு பேர் 150 கிலோ, மொத்தம் 180. நான்கு போல்ட்டுக்கும் பிரித்தால் ஒன்றுக்கு 45 கிலோ, அதாவது சுமார் 440 நியூட்டன். M10 மரையில் இழுவையைத் தாங்கும் பரப்பு 58 சதுர மி.மீ. விசையைப் பரப்பால் வகுத்தால் வரும் தகைவு 7.6 மெகாபாஸ்கல். சாதாரண E250 எஃகு 250 மெகாபாஸ்கலில்தான் நிரந்தரமாக நீளத் தொடங்கும்; இதை ஈல்ட் என்பார்கள். 250-ஐ 7.6-ஆல் வகுத்தால் 33. மாமாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அந்த 33 நிஜமில்லை.

படி 2: சுமை எவ்வளவு ஏறக்கூடும்?

கொலு சமயத்தில் நான்கு பேர் உட்காருவார்கள். அப்போது மொத்தம் 330 கிலோ. ஆட்டமும் சேரும்: θ கோணத்திலிருந்து விடும் ஊஞ்சல், அடியில் வரும்போது எடையைப் போல `3 − 2cosθ` மடங்கு இழுக்கும். 45 டிகிரிக்கு இது 1.6. மூன்றாவது விஷயம், நான்கு சங்கிலிகளும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. மூலைவிட்டமாக இரண்டு மட்டும் பாரத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டும் சும்மா தொங்கலாம்.

330 × 9.81 × 1.6-ஐ இரண்டால் வகுத்தால் போல்ட்டுக்கு 2600 நியூட்டன். தகைவு 45. 33 என்று இருந்தது 5.6 ஆகிவிட்டது.

படி 3: அனுமதிக்கும் தகைவு

மோசமான சுமையை எண்ணிலேயே சேர்த்துவிட்டோம். அதையே காரணியிலும் மறுபடி சேர்த்தால் ஒரே பயத்துக்கு இரண்டு முறை பணம் கட்டுவது போல. எனவே இனி காரணி பொருளைப் பற்றியது.

கடையில் வாங்கிய போல்ட்டுக்குச் சோதனைச் சான்று இல்லை. 250-இல் முக்கால்வாசிதான் நிச்சயம் என்று வைக்கிறேன். துரு, சரியாக வெட்டாத மரை ஆகியவற்றுக்காக இன்னொரு 0.9. இரண்டையும் பெருக்கினால் 0.675; தலைகீழாகப் போட்டால் 1.5. அப்புறம் ஆயிரக்கணக்கான முறை ஆடுவதால் உலோகத்துக்கு வரும் களைப்புக்கும், கீழே குழந்தைகள் இருப்பதற்கும் 2.5 மடங்கு. இந்த 2.5 சூத்திரத்திலிருந்து வருவதில்லை, என் கணிப்பு. இன்னொருவர் 2 என்பார், சண்டை போடலாம். பெருக்கினால் 3.7, அதை 4 ஆக்குகிறேன்.

250 ÷ 4 = 62.5 மெகாபாஸ்கல். இதுதான் நம் எல்லை. எஃகுக் கட்டடங்களுக்கான IS 800-இன் பழைய முறை, இழுவைக்கு ஈல்டில் 0.6 பங்கு வரை அனுமதிக்கிறது. அதாவது காரணி 1.67 மட்டுமே. அங்கே தரம் தெரிந்த எஃகு, விதிப்படி எடுத்த சுமை. நம்மிடம் இரண்டும் இல்லை.

யாராவது "காரணி 5" என்றால், எதை வகுத்து என்று கேளுங்கள். E250-இன் உடையும் வலிமை குறைந்தபட்சம் 410. உடைவை வைத்துச் சொல்லும் 5, ஈல்டை வைத்துப் பார்த்தால் சுமார் 3-தான்.

படி 4: எப்படி உடையும் என்று பாருங்கள்

45, 62.5-ஐ விடக் குறைவு. சரி, முடிந்ததா? இல்லை. ஊஞ்சல் சாயும்போது சங்கிலி பக்கவாட்டிலும் இழுக்கிறது. 45 டிகிரி ஆட்டத்தில் அது எடையில் சுமார் 0.6 பங்கு வரை போகும். போல்ட்டுக்கு ஏறத்தாழ 970 நியூட்டன். கண், ஸ்லாபிலிருந்து 40 மி.மீ. கீழே தொங்கினால் போல்ட் வளைகிறது. M10-இல் அந்த வளைவுத் தகைவு மட்டுமே 600-ஐத் தாண்டுகிறது!

காரணி 4 இதைக் காப்பாற்றாது. அளவு தப்பினால் காரணி தாங்கும்; ஒரு விசையையே மறந்தால் தாங்காது.

M20 போட்டு, கண்ணை 20 மி.மீ.க்குள் ஏற்றினால் வளைவு 36, இழுவை 11, மொத்தம் 47. இப்போது 62.5-க்குள் இருக்கிறது. (உச்ச இழுவையும் உச்ச வளைவும் ஒரே கணத்தில் வராது, ஆனால் கூட்டிப் பார்ப்பதில் தப்பில்லை.)

இது போல்ட்டுக்கு மட்டும். கான்கிரீட் தனி ஆள். அங்கே விரிவடையும் ஆங்கரை நம்புவதைவிட, ஸ்லாபை முழுதாகத் துளைத்து மேலே தகடு வைத்து முடுக்குவதையே நான் விரும்புவேன். மேல் மாடிக்காரர் சம்மதிக்காவிட்டால் கட்டட இன்ஜினியரைக் கேட்க வேண்டும்.

மாட்டிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மரையின் முதல் வளையத்தைச் சுற்றி மெல்லிய சிவப்புத் துருக்கோடு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கோடு தெரிந்தால் போல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது மாட்டுங்கள்.