சிங்கப்பூர் சம்பளத்தை மொத்தமாகப் பெருக்காதீர்கள்

கோலாலம்பூரில் பொருளியல் வகுப்பு எடுக்கிறேன். ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வருகிறார்கள். வெளிநாட்டுப் பணத்தை ரிங்கிட்டாக்குவதில் அதே தவறுகளும் கூடவே வந்துவிடுகின்றன. கூட்டல் கழித்தல் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவற்றைக் கணிப்பானே திருத்திக்கொள்ளும்.

முழுச் சம்பளத்துக்கும் ஒரே விகிதம்

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். பழைய மாணவர் ஒருவர் வந்தார். இங்கே மாதம் 5,000 ரிங்கிட் சம்பளம். சிங்கப்பூரில் 3,000 வெள்ளிக்கு வேலை கிடைத்திருக்கிறது. "சார், ஒரு வெள்ளிக்கு 3.30 ரிங்கிட் என்றாலும் 9,900 வருகிறது. ஏறக்குறைய இரண்டு மடங்கு!" என்றார். வேலையை விடும் கடிதம் கையில் தயாராக இருந்தது.

வங்கியில் கிடைக்கும் நாணய மாற்று விகிதம் நாடு கடந்து விற்கப்படும் பொருள்களாலும், நாடு கடந்து பாயும் முதலீட்டாலும் அமைவது. பிரிக்பீல்ட்ஸில் முடிவெட்டும் கூலியும் வீட்டு வாடகையும் எல்லை தாண்டுவதில்லை. சிங்கப்பூரில் தொழிற்சாலைகளும் வங்கிகளும் அதிக உற்பத்தித் திறனால் உயர்ந்த சம்பளம் தருகின்றன. அந்தச் சம்பளத்தோடு போட்டியிட வேண்டியிருப்பதால் அங்கே முடிதிருத்துபவரின் கூலியும் உயர்கிறது. அவருடைய கத்தரி நம்மூர்க் கத்தரியைவிட வேகமாக வெட்டுவதில்லை. 1964இல் பொருளியலாளர்கள் பாலாசாவும் சாமுவேல்சனும் தனித்தனியே விளக்கியது இதைத்தான்.

வாங்குதிறன் சமநிலை என்பது, ஒரே மாதிரியான பொருள்களையும் சேவைகளையும் வாங்க இரு நாடுகளிலும் எவ்வளவு பணம் வேண்டும் என்று ஒப்பிட்டுக் கிடைக்கும் விகிதம். உலக வங்கி ஒருங்கிணைக்கும் பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டம் இதற்காக நாடுகள்தோறும் விலைகளைச் சேகரிக்கிறது. அமெரிக்காவில் ஒரு டாலர் வாங்குவதை வாங்க மலேசியாவில் ஏறத்தாழ 1.50 ரிங்கிட் போதும். சிங்கப்பூரில் ஏறத்தாழ 84 காசு வேண்டும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், ஒரு சிங்கப்பூர் வெள்ளி அங்கே செய்யும் வேலையை இங்கே சுமார் 1.80 ரிங்கிட் செய்துவிடும்.

இதைக் கேட்டதும் அவர் மறுபக்கம் சாய்ந்தார். "அப்படியானால் 3,000 வெள்ளி வெறும் 5,400 ரிங்கிட்தானா?" அதுவும் தவறு. அங்கே செலவாகும் பணத்துக்கு ஒரு விகிதம், வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு வேறொன்று. அறை வாடகை, சாப்பாடு, பஸ் என்று 2,000 வெள்ளி அங்கேயே செலவானால், அது 1.80 வீதம் 3,600 ரிங்கிட் வாழ்க்கை. மிஞ்சும் 1,000 வெள்ளியை ஈப்போவில் அம்மாவுக்கு அனுப்பினால், அது வங்கி விகிதத்தில் 3,300 ரிங்கிட். மொத்தம் 6,900. இப்போதைய சம்பளத்தைவிட நல்லதுதான், ஆனால் இரண்டு மடங்கு இல்லை. குடும்பத்தையும் அழைத்துச்சென்று எல்லாவற்றையும் அங்கேயே செலவழிப்பவருக்கு இது 5,400க்கு இறங்கும். ஜொகூர் பாருவில் குடியிருந்து பாலம் கடந்து வேலைக்குப் போய்வருபவருக்கு 9,900ஐ நோக்கி ஏறும். அந்த விடியற்காலை நெரிசலுக்கு எந்த விகிதமும் விலை போடுவதில்லை என்பது வேறு கதை.

இன்னும் ஒன்று. அந்த 1.80 மலேசியா முழுவதற்குமான சராசரி. கோலாலம்பூரில் விலைகள் அதைவிட உயர்வு என்பதால், இங்கிருந்து போகிறவருக்கு உண்மையான எண் சற்றுக் கூடும். கிளந்தானிலிருந்து போகிறவருக்குக் குறையும். மேலும், நான் எடுத்துக்கொண்டவை பொருளாதாரம் முழுவதற்குமான எண்கள். பாலம் கட்டும் செலவும் அரசு ஊழியர் சம்பளமும்கூட அவற்றில் அடங்கும். குடும்பச் செலவுக்கென்று தனி எண் வெளியிடப்படுகிறது. சம்பளத்தை ஒப்பிடுபவர் எடுக்கவேண்டியது அதைத்தான்.

பன்னாட்டு டாலரை மீண்டும் மாற்றுவது

மலேசியாவின் தலைக்குரிய உற்பத்தி 2023இல் ஏறத்தாழ 36,000 பன்னாட்டு டாலர் என்று பட்டியலில் பார்க்கிறார்கள். உடனே அமெரிக்க டாலரின் வங்கி விகிதமான 4.50ஆல் பெருக்கி, ஆளுக்கு 1,62,000 ரிங்கிட் என்று எழுதிவிடுகிறார்கள். பன்னாட்டு டாலர் எந்த வங்கியிலும் கிடைக்காத கணக்கு அலகு. விலை வேறுபாட்டை ஏற்கெனவே கழித்த எண் அது. அதை ரிங்கிட்டாக்க 1.50ஆல்தான் பெருக்கவேண்டும். வரும் விடை 54,000. நம் புள்ளிவிவரத் துறை ரிங்கிட்டில் வெளியிடும் தொகையும் ஏறக்குறைய அதுவே. விடை அதைப்போல் மூன்று மடங்கு வந்தால், விலை வேறுபாட்டை இரண்டு முறை கணக்கில் சேர்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பர்கர் விலையை வைத்துச் சம்பளம் பேசுவது

ஒரே பர்கரின் விலையை இரு நாடுகளிலும் ஒப்பிடுவது வேடிக்கைக்குச் சரி, சம்பளப் பேரம் பேச உதவாது.

வெளிநாட்டுக் கடனையும் கல்விக் கட்டணத்தையும் 1.50இல் கணக்கிடுவது

கடன் கொடுத்தவர் வங்கி விகிதத்தில்தான் கேட்பார்.